ஓட்டலில் கார்டைத் தேய்த்தால் காசு எங்கே போய் நிற்கிறது?

புதுச்சேரியில் வார இறுதிக்கு அறை எடுத்துத் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்களில் சிலர், திங்கட்கிழமை வங்கி ஆப்பைத் திறந்ததும் பதறிப்போகிறார்கள். ஒரே ஓட்டலுக்கு இரண்டு தொகை போயிருக்கும். ஓட்டலுக்குப் போன் செய்தால், "நாங்க ஒரு தடவைதான் சார் எடுத்தோம்" என்பார்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். ஒன்று நிஜமாகவே எடுத்த பணம். இன்னொன்று எடுக்காமல் பிடித்து மட்டும் வைத்திருக்கும் பணம். இந்த இரண்டாவதைத்தான் ஹோல்ட் அல்லது பிளாக் என்கிறார்கள். அதை வைக்கிற நடவடிக்கைக்குப் பெயர் ப்ரீ-ஆத்.

பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான் இது. துண்டு கிடக்கும்வரை அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார முடியாது. ஆனால் துண்டு போட்டவரும் இன்னும் உட்காரவில்லை. வங்கிக் கணக்கிலும் இதே கதைதான்: தொகை உங்களுடையதாகவே இருக்கும், ஓட்டலுக்குப் போயிருக்காது, ஆனால் உங்களால் அதை எடுத்துச் செலவு செய்ய முடியாது. சில ஆப்களில் மொத்த இருப்பு ஒன்றாகவும், செலவு செய்யக்கூடிய இருப்பு அதைவிடக் குறைவாகவும் காட்டுவது இதனால்தான். வேறு சில வங்கிகள் டெபிட் கார்டு ஹோல்டையே பற்று வைத்ததாகக் காட்டிவிட்டு, விடுவிக்கும்போது வரவு வைக்கும். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

அறைக்குள் போவதற்கு முன்னால்

எல்லா இடத்திலும் ஹோல்ட் வைப்பதில்லை. சின்ன லாட்ஜ்களிலும் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களிலும் அட்வான்ஸை ரொக்கமாகவோ யுபிஐயிலோ வாங்கிக்கொள்வார்கள். அது ஹோல்ட் அல்ல, முழுக்கக் கைமாறிய பணம். அறையைக் காலி செய்யும்போது மிச்சத்தை அவர்களே திருப்பித் தர வேண்டும். ப்ரீ-ஆத் வைப்பது பெரும்பாலும் பெரிய ஓட்டல்களும், வெள்ளை நகரப் பக்கம் இருக்கிற கொஞ்சம் விலை கூடிய விடுதிகளும்தான்.

வரவேற்பு மேசையில் கார்டைக் கேட்டால், கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். எவ்வளவு போடப் போகிறீர்கள்? அது சேலா, ப்ரீ-ஆத்தா? இரண்டாவது கேள்வியைக் கேட்க யாரும் தயங்க வேண்டாம். மேசையில் இருப்பவர் தினமும் பார்க்கிற வேலைதான் அது. பின் நம்பரைப் போட்டதும் மெஷினிலிருந்து வரும் ஸ்லிப்பை வாங்கி, அதன் மேல்பாதியைப் பாருங்கள். கடை பெயர், முகவரிக்குக் கீழே SALE என்றோ PRE-AUTH என்றோ அச்சாகியிருக்கும். கொட்டை எழுத்தில் இருக்கும் தொகையைவிட எனக்கு இந்த ஒரு வார்த்தைதான் முக்கியம். SALE என்றால் பணம் போய்விட்டது. திரும்பி வர வேண்டுமானால் ரீஃபண்ட் போட்டுத்தான் வரும், அதற்குச் சில வேலை நாட்கள் ஆகும். PRE-AUTH என்றால் துண்டு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே ஸ்லிப்பில் ஆறு இலக்கத்திலோ எழுத்தெண்ணாகவோ ஓர் அப்ரூவல் கோடு இருக்கும். RRN என்று பன்னிரண்டு இலக்க எண் ஒன்றும் இருக்கும். பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் வங்கியும் ஓட்டலும் அந்த நடவடிக்கையைத் தேடி எடுப்பது இவற்றை வைத்துத்தான். இந்தத் தாளில் மை சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய கையோடு போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு நாளைக்கு ₹4,500 வாடகையில் இரண்டு இரவுக்கு அறை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ₹9,000. நாள் வாடகை ₹7,500-க்குள் இருக்கும் அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆக ₹450 சேர்ந்து ₹9,450. அறையில் சாப்பிடுவது, துணி வெளுப்பது போன்றவற்றுக்காக இன்னும் ஒரு ₹3,000 சேர்த்து, மொத்தம் ₹12,450-க்கு ப்ரீ-ஆத் போடுகிறார்கள். உங்கள் சேமிப்புக் கணக்கில் அப்போது ₹25,000 இருக்கிறது. கார்டு டெபிட் கார்டு. ஹோல்ட் விழுந்ததும் நீங்கள் செலவு செய்யக்கூடியது ₹12,550.

இரண்டு நாளில் ஓட்டல் உணவகத்தில் வரி உட்பட ₹1,180-க்குச் சாப்பிட்டு, அதை அறைக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டீர்கள். காலி செய்யும்போது பில் ₹10,630.

இப்போது மேசையில் இருப்பவர் இரண்டு வழியில் போகலாம்.

சரியான வழி: மெஷினில் ப்ரீ-ஆத் கம்ப்ளீஷன் என்ற மெனுவுக்குப் போய், பழைய ஸ்லிப்பில் இருக்கும் விவரத்தையும் ₹10,630 என்ற தொகையையும் அடிப்பது. முன்னால் போட்ட துண்டின் மேலேயே அவர் வந்து உட்காருகிறார். ₹10,630 ஓட்டலுக்குப் போகும், மிச்சம் ₹1,820 உங்களுக்கு விடுபடும். கணக்கில் ₹14,370 நிற்க வேண்டும்.

அவசர வழி: ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி, வரிசையில் நாலு குடும்பம் பெட்டியோடு நிற்கிறது. பழைய ஸ்லிப்பைத் தேட நேரமில்லை. "கார்டு குடுங்க சார்" என்று வாங்கி, ₹10,630-க்குப் புதிதாக ஒரு சேல் போட்டுவிடுகிறார். பில் அடைபட்டுவிட்டது, அவர் பார்வையில் கணக்கு முடிந்தது. ஆனால் பழைய ₹12,450 ஹோல்டை யாரும் தொடவில்லை. உங்கள் கையில் செலவுக்கு மிஞ்சியது ₹1,920. பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடலூர் சாலையில் ஒரு பங்க்கில் ₹2,000-க்கு பெட்ரோல் போட்டால் கார்டு டிக்ளைன் ஆகும். கணக்கில் பணம் இருக்கிறது, கையில் இல்லை. யுபிஐயில் முயன்றாலும் அதே கணக்கு என்றால் அதே பதில்தான்.

கணக்கில் ₹25,000-க்குப் பதில் ₹20,000 இருந்திருந்தால் இந்தத் தவறு ஓட்டலிலேயே வெளியே தெரிந்திருக்கும். ஹோல்டுக்குப் பிறகு மிச்சம் ₹7,550. புதிய சேல் ₹10,630 நிராகரிக்கப்படும். "டிக்ளைன் ஆவுது சார், வேற கார்டு இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் வேறு கார்டைத் தேடாதீர்கள். "செக்-இன்ல ப்ரீ-ஆத் போட்டீங்களே, அதையே கம்ப்ளீட் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். உங்கள் பணம்தான் உங்களுக்கே குறுக்கே நிற்கிறது என்பது அவருக்கும் உடனே புரியும்.

காலி செய்யும்போது

கார்டில் ஹோல்ட் இருக்கும்போது பில்லை வேறு வழியில் கட்டுவதாக இருந்தால் (நண்பர் யுபிஐயில் கட்டுகிறார், அல்லது அலுவலகக் கார்டு) முதலில் பழைய ப்ரீ-ஆத்தை ரத்து செய்யச் சொல்லுங்கள். மெஷினில் அதற்குத் தனி மெனு இருக்கிறது. ரத்து செய்த ஸ்லிப்பில் VOID அல்லது CANCEL என்று அச்சாகும். அதைக் கையில் வாங்கிய பிறகு பில்லைக் கட்டுங்கள். 'தானாகவே வந்துவிடும்' என்ற பதிலை ஏற்றுக்கொண்டு கிளம்புவதில்தான் முக்கால்வாசிச் சிக்கல். தானாக வரும்தான், ஆனால் எப்போது என்பது வங்கியைப் பொறுத்தது. சில நாளிலும் வரலாம், ஓட்டல் ஹோல்டுகள் ஒரு மாதம்வரை நீடிக்கவும் கார்டு விதிகளில் இடம் உண்டு.

தங்குவதை ஒரு நாள் நீட்டித்தால் இரண்டாவதாக ஒரு ஹோல்ட் போடுவார்கள். அப்போது உங்களிடம் இரண்டு ஸ்லிப் இருக்கும். காலி செய்யும்போது இரண்டையும் மேசையில் வைத்து, எதில் எவ்வளவு எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

கிரெடிட் கார்டில் இந்தத் தொல்லை பாதிதான். பிடிபடுவது உங்கள் சொந்தப் பணமல்ல, கடன் வரம்பில் ஒரு பகுதி. அதற்கு வட்டி கிடையாது, ஸ்டேட்மென்ட்டிலும் ஹோல்டாக இருக்கும்வரை பில் தொகையில் சேராது. அதனால் இரண்டு கார்டும் வைத்திருப்பவர் ஓட்டலில் கிரெடிட் கார்டைக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. மாதச் சம்பளம் விழும் கணக்கின் டெபிட் கார்டைக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் தவணை ஹோல்டில் மாட்டித் திரும்பினால் அதற்குத் தனி அபராதம் வேறு.

வாய்டும் ரீஃபண்டும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தவறுதலாகச் சேல் போட்டுவிட்டார்கள் என்றால், அன்றைய கணக்கை மெஷின் செட்டில் செய்வதற்கு முன் வாய்டு போட முடியும். பணம் ஓட்டலை நோக்கிக் கிளம்பவே கிளம்பாது. செட்டில்மென்ட் பல இடங்களில் இரவில் தானாக ஓடும். அதற்குப் பிறகு ரீஃபண்ட் ஒன்றுதான் வழி. ஆகவே தவறைக் கண்ட அன்றைக்கே போன் செய்வதற்கும் மறுநாள் செய்வதற்கும் நாள் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகுதான் ஹோல்ட் இன்னும் நிற்பது தெரிகிறது என்றால், முதல் போன் வங்கிக்கு அல்ல, ஓட்டலுக்கு. துண்டு போட்டவர்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். அப்ரூவல் கோடு, தேதி, தொகை, கார்டின் கடைசி நாலு எண் ஆகியவற்றைச் சொல்லி, அந்த ப்ரீ-ஆத்தை விடுவிக்கிறோம் என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு வங்கியில் புகார் பதிந்தால் வேலை எளிது. முழுக் கார்டு எண்ணையோ பின் நம்பரையோ ஓடிபியையோ யாரும் கேட்கத் தேவையே இல்லை. கேட்டால் போனை வையுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். தகவலுக்கு 14448.

பெட்ரோல் பங்க்கில்

நம் ஊரில் பங்க்கில் ஹோல்ட் என்ற பேச்சே பொதுவாக இல்லை. காரணம் எளிது: பெட்ரோல் போட ஆள் நிற்கிறார். புதுச்சேரியில் வாட் வரி குறைவு என்பதால் கடலூர் வண்டிகள் முள்ளோடை தாண்டி வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். அங்கே ஊழியர் போட்டு முடித்த தொகையையோ, நீங்கள் சொன்ன தொகையையோ மெஷினில் அடிப்பார். தொகை முன்பே தெரிந்துவிடுவதால் பிடித்து வைக்க அவசியமில்லை, நேரடிச் சேல்தான்.

இங்கே வரும் சிக்கல் வேறு. சிக்னல் போய், மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்லிப் வராது. உங்கள் போனில் ₹2,000 பற்று என்று எஸ்எம்எஸ் வந்துவிடும். "வரல சார், இன்னொரு தடவை போடுவோம்" என்பார் ஊழியர். உடனே கார்டை நீட்டாதீர்கள். மெஷினில் கடைசி நடவடிக்கையை மறுபடி அச்சிடும் வசதி இருக்கிறது, அதை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் கார்டின் கடைசி நாலு எண்ணும் தொகையும் இருந்தால் பணம் வந்துவிட்டது, கிளம்பலாம். இல்லையென்றால் நடவடிக்கை தோற்றுவிட்டது. மறுபடி கட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் முதல் தொகை திரும்பி வரும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, கணக்கில் பற்று விழுந்து கடையில் ஸ்லிப் வராமல் போனால், நடவடிக்கை நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு. ஓட்டல் ஹோல்டுக்கு இந்த விதியைக் காட்டிப் பேச முடியாது. அது தோற்றுப்போன நடவடிக்கை அல்ல, வெற்றிகரமாகப் போட்ட ஹோல்ட்.

கிரெடிட் கார்டில் பெட்ரோல் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். ஸ்லிப்பில் ₹2,000, ஸ்டேட்மென்ட்டில் அதற்கு மேல் கொஞ்சம். அது எரிபொருள் சர்சார்ஜ், வழக்கமாக 1 சதவீதம். பல கார்டுகள் அதைப் பிறகு தள்ளுபடியாகத் திருப்பித் தரும், ஆனால் சர்சார்ஜ் மீதான ஜிஎஸ்டியைத் தருவதில்லை. ஹோல்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பங்க்கில் உண்மையான ஹோல்டைப் பார்க்க வேண்டுமானால் வெளிநாடு போக வேண்டும். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு. அங்கே போய் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆளில்லாத பங்க்கில் கார்டைச் செருகிய பிறகுதான் குழாயே வேலை செய்யும். நீங்கள் பத்து லிட்டர் போடுவீர்களா, ஐம்பது லிட்டரா என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால் முன்கூட்டியே ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொள்ளும். பிரான்சில் 100 யூரோவுக்கு மேலும் பிடிக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவில் 2022-ல் இந்த உச்சவரம்பு 175 டாலராக உயர்ந்தது. 40 யூரோவுக்கு டீசல் போட்டாலும், வங்கி மிச்சத்தை விடுவிக்கும்வரை பெரிய தொகைதான் நிற்கும். சில வங்கிகள் சில நிமிடத்தில் விடுவிக்கும், சிலவற்றில் நாள் கணக்காகும். இங்கிருந்து ஃபாரெக்ஸ் கார்டில் அளந்து பணம் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இது கையைக் கட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, ஆள் இருக்கிற பங்க்காகப் பார்த்து, உள்ளே கவுன்டரில் போய்ப் பணம் கட்டுவது. அமெரிக்காவில் குழாயில் இருக்கும் மெஷின் உள்ளூர் அஞ்சல் குறியீட்டைக் கேட்பதால் நம் கார்டுகள் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே போய் "மூன்றாம் நம்பர் குழாய், 40 டாலர்" என்று சொல்லிக் கட்டிவிட்டால் தொல்லையில்லை. கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். புதுக் கார்டுகளில் அது மூடியேதான் வரும்.

டிப்ஸ் எங்கே சேருகிறது?

இங்கே பின் நம்பர் போட்டுத்தான் கட்டுகிறோம். ₹5,000 வரைக்கும் தொட்டால் போதும், பின் கூடத் தேவையில்லை. எப்படியானாலும் முழுத் தொகை முன்பே திரையில் வந்தாக வேண்டும். அதனால் டிப்ஸ் வசதி உள்ள மெஷினில், பில் தொகையை அடித்ததும் TIP என்று ஒரு திரை வரும். சிலவற்றில் சதவீதப் பொத்தான்கள் இருக்கும், சிலவற்றில் தொகையை நீங்களே அடிக்கலாம். வேண்டாம் என்றால் 0 போட்டோ, தவிர்க்கும் பொத்தானை அழுத்தியோ தாண்டிப் போகலாம். மேலே சொன்ன ₹1,180 பில்லில் 10 சதவீதத்தைத் தொட்டால் ₹118 சேர்ந்து ₹1,298 என்று காட்டும். இந்தச் சதவீதம் வரி சேர்ந்த தொகையின் மேல் போடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த மொத்தத்தைப் பார்த்த பிறகு பின் போடுங்கள். கார்டைத் தட்டுவதானாலும் பார்த்த பிறகு தட்டுங்கள். மெஷினைச் சர்வர் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால், திருப்பிக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

அதற்கும் முன்னால் பில்லைப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று ஏற்கெனவே ஒரு வரி இருந்தால், அதற்கு மேல் டிப்ஸும் போட்டால் இரண்டு தடவை கொடுத்த மாதிரி. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை போட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

அமெரிக்காவில் முறை தலைகீழ். முதலில் உணவுத் தொகைக்கு மட்டும் அனுமதி வாங்குவார்கள். பிறகு ஒரு ஸ்லிப்பை மேசைக்குக் கொண்டுவருவார்கள். அதில் டிப்ஸுக்கு ஒரு கோடு, மொத்தத்துக்கு ஒரு கோடு வெறுமையாக இருக்கும். நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். இரவு கடையை அடைக்கும்போது அந்தத் தொகையை மெஷினில் திருத்தி அனுப்புவார்கள். அதனால் உடனே வரும் எஸ்எம்எஸ்ஸில் 50 டாலர் என்றும், இரண்டு நாள் கழித்து ஸ்டேட்மென்ட்டில் 60 என்றும் இருக்கும். முதல் 50 தனியாகப் போகவில்லை, அதுவே 60 ஆகிவிட்டது. டிப்ஸைக் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்றால், டிப்ஸ் கோட்டைக் காலியாக விடாமல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மொத்தத்தைத் தெளிவாக எழுதிவிட்டு, அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் மெஷினில் போடும் டிப்ஸ் முதலில் போவது கடையின் வங்கிக் கணக்குக்கு. அங்கிருந்து எப்போது, எப்படி, யாருக்குப் பங்கு பிரிகிறது என்பது அந்தந்த முதலாளியின் வழக்கம். பரிமாறிய ஆளுக்கே போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தால் நான் ரொக்கமாகத்தான் கொடுக்கிறேன். ஓட்டலில் தங்கியிருந்து, டிப்ஸையும் அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருந்தால், அது காலி செய்யும்போது கம்ப்ளீஷன் தொகைக்குள் வந்துவிடும். அப்போது மொத்தம் பிடித்து வைத்த ₹12,450-ஐத் தாண்டினால் சில மெஷின்கள் கூடுதல் தொகையை ஏற்காது. கூடுதலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னச் சேல் போடச் சொல்லுங்கள், முழு பில்லுக்கும் புதிதாகப் போட விடாதீர்கள்.